விசாரணை முடியும் முன்னே வரும் கடிதம்: வெள்ளத்தில் சரக்கு இழந்த கடைக்காரருக்கு ஒரு வழிகாட்டி

வெள்ளம் வடிந்து, சேறு அள்ளி, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து படமெடுத்துப் போய் இரண்டு வாரம் கழித்து இன்சூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வரும். மேலே வலப்பக்கம் கொட்டை எழுத்தில் ‘வித்தவுட் பிரிஜுடிஸ்’, அதாவது உரிமைகளுக்குப் பாதகமின்றி, என்று இருக்கும். உள்ளே இரண்டு பக்க ஆங்கிலம். கடைசிப் பத்தியில், பாலிசியின் கீழ் எங்களுக்குள்ள உரிமைகள் அனைத்தையும் தக்கவைத்துக்கொள்கிறோம் என்ற பொருளில் ஒரு நீண்ட வாக்கியம்.

இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்களை நான் இரண்டு விதமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒருவர், “கிளெய்மைத் தள்ளிவிட்டான் சார்” என்று உட்காருவார். இன்னொருவர், “விவரம் கேட்டிருக்கிறான், பணம் வந்துவிடும்” என்று அதை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார். இரண்டு பேரும் தவறாகத்தான் படித்திருக்கிறார்கள். இரண்டாமவருக்குத்தான் சேதம் அதிகம்.

ஆங்கிலத்தில் இதற்கு ‘ரிசர்வேஷன் ஆஃப் ரைட்ஸ்’ என்று பெயர். ரிசர்வேஷன் என்றதும் நெல்லை எக்ஸ்பிரஸ் டிக்கெட்டும் இட ஒதுக்கீடும்தான் நினைவுக்கு வருகின்றன என்பதால், இந்தக் கட்டுரையில் உரிமைக் காப்புக் கடிதம் என்றே சொல்கிறேன். நம் ஊர் அலுவலகங்களில் பல நேரம் கடிதத்துக்கு அந்தத் தலைப்பே இருக்காது. ‘வித்தவுட் பிரிஜுடிஸ்’ என்ற இரண்டு சொல்லும், பொறுப்பை ஏற்கவில்லை என்ற ஒரு வரியும் இருந்தால் அதுதான் இது.

நிறுவனம் இதை ஏன் எழுதுகிறது

கிளெய்ம் வந்தவுடன் நிறுவனம் ஏதாவது செய்தே ஆக வேண்டும். சர்வேயரை அனுப்ப வேண்டும், ஆவணம் கேட்க வேண்டும், சரக்கைப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் எதுவும் சொல்லாமல் செய்துகொண்டே போனால், “நீங்கள்தான் எங்கள் கிளெய்மை ஏற்று நடத்தினீர்களே, இப்போது எப்படித் தாமதம், முகவரி என்று சொல்கிறீர்கள்?” என்று நாளை பாலிசிதாரர் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே போடும் வேலிதான் இந்தக் கடிதம். விசாரிக்கிறோம், விசாரிப்பதால் ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்பதே அதன் சாரம்.

வேலி உண்மையில் நிற்குமா என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் மூன்று தீர்ப்புகளைத் தெரிந்துவைத்திருந்தால் போதும். 2016இல் கலாடா பவர் வழக்கில், கிளெய்மை நிராகரித்த கடிதத்தில் தாமதத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை; சர்வேயரையும் நியமித்து விசாரித்திருந்தார்கள். ஆகவே தாமதம் என்ற வாதத்தை நிறுவனமே கைவிட்டுவிட்டது என்றது நீதிமன்றம். 2018இல் சோனெல் கிளாக்ஸ் வழக்கு இதற்கு மறுபக்கம். அது வெள்ளச் சேதம். ஆகஸ்டில் நடந்ததை நவம்பர் கடைசியில்தான் நிறுவனத்துக்குத் தெரிவித்தார்கள். சர்வேயரை நியமித்ததாலேயே நிறுவனம் உரிமையைக் கைவிட்டதாகாது என்று தீர்ப்பானது. உரிமைகளுக்குப் பாதகமின்றி என்ற குறிப்பும், தாமதத்தைக் காரணமாகக் காட்டியே நிராகரித்ததும் நிறுவனத்துக்குக் கைகொடுத்தன. 2019இல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில், நிராகரிப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தை நுகர்வோர் ஆணையத்தில் வந்து புதிதாக எடுத்துவைக்க முடியாது என்றார்கள்.

மூன்றையும் சேர்த்துப் படித்தால் கடைக்காரருக்கு ஒரு விஷயம் புரியும். இந்தக் கடிதத்தில் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கும் காரணங்கள்தான் நாளைய சண்டைக்களம். எதை எழுதியிருக்கிறார்கள், எதை எழுதவில்லை என்று பார்த்தாலே விசாரணை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். கோபத்தை ஒதுக்கிவிட்டு இதை ஒரு வரைபடமாகப் படிக்க வேண்டும்.

ஒரு கடையை எடுத்துக்கொள்வோம்

பல கோப்புகளில் பார்த்ததைச் சேர்த்து, எண்களைச் சுருக்கி, ஒரே கடையாகக் கட்டியிருக்கிறேன். திருநெல்வேலி சந்திப்பில் பலசரக்கு மொத்தக் கடை. கடைக்கு இரண்டு தெரு தள்ளி, கைலாசபுரத்தில் ஆற்றுப் பக்கம் ஒரு கிட்டங்கி. வங்கியில் ரொக்கக் கடன் கணக்கு இருப்பதால் பாலிசியையும் வங்கியே எடுத்துக் கொடுத்தது. 5 கோடி ரூபாய்க்குள் சொத்து உள்ள கடைகளுக்கு 2021 ஏப்ரல் முதல் உள்ள ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ பாலிசி. வெள்ளம் அதில் அடக்கம். சரக்குக்குக் காப்பீட்டுத் தொகை 40 லட்சம் ரூபாய்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அதே நாள். தாமிரபரணி கரை தாண்டி சந்திப்புப் பகுதிக்குள் வந்தது. கடையில் இடுப்பளவு, கிட்டங்கியில் கழுத்தளவு. தண்ணீர் வடிந்து 20ஆம் தேதிதான் ஷட்டரைத் தூக்க முடிந்தது. நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போனது 23ஆம் தேதி. சர்வேயர் வந்தது 26ஆம் தேதி. கடைக்கார அண்ணாச்சி கேட்ட தொகை 18.40 லட்சம்: கடையில் 5.20 லட்சம், கிட்டங்கியில் 13.20 லட்சம்.

2024 ஜனவரி 8 தேதியிட்ட கடிதம் 12ஆம் தேதி கைக்கு வந்தது. அதில் மூன்று காரணங்கள். ஒன்று, பாலிசி அட்டவணையில் கடை முகவரி மட்டுமே உள்ளது, கிட்டங்கி இல்லை. இரண்டு, உடனடியாகத் தெரிவிக்கவில்லை. மூன்று, நவம்பர் மாதக் கடைசியில் வங்கிக்குக் கொடுத்த சரக்கு அறிக்கையில் 31 லட்சம் என்றிருக்கிறது, கிளெய்மில் 36 லட்சம் சரக்கு இருந்ததாகச் சொல்லப்படுகிறது. 15 நாளுக்குள் விளக்கமும் ஆவணங்களும் வேண்டும்.

முதல் நாள்: உறையைத் தூக்கிப் போடாதீர்கள்

உறையில்தான் தபால் முத்திரைத் தேதி இருக்கிறது. கடிதத் தேதி, அஞ்சலில் சேர்த்த தேதி, உங்களுக்குக் கிடைத்த தேதி மூன்றும் வேறு வேறாக இருக்கும். 15 நாளைக் கிடைத்த தேதியிலிருந்து எண்ணலாம் என்று வாதாடலாம். ஆனால் வேலை செய்வதைக் கடிதத் தேதியிலிருந்தே எண்ணுங்கள். நம் கணக்கில் அது 23 ஜனவரி. நடுவில் பொங்கல். வங்கியும் ஆடிட்டர் அலுவலகமும் மூடியிருக்கும் நாட்களைக் கழித்தால் கையில் மிஞ்சுவது ஒரு வாரம்தான். முடியாது என்று தெரிந்தால் கெடு முடியும் முன்பே, எந்த ஆவணம் எதனால் தாமதமாகிறது என்று குறிப்பிட்டு அவகாசம் கேட்டு மின்னஞ்சல் போட வேண்டும். கெடு தாண்டிக் கேட்பது அவகாசம் ஆகாது, சாக்கு ஆகிவிடும்.

பிறகு கடிதத்தை ஒரு நகல் எடுத்து, பேனாவோடு உட்காருங்கள். ஒவ்வொரு வாக்கியமும் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்: நடந்ததாக அவர்கள் சொல்லும் ஒரு விஷயம், அதற்குக் காட்டும் பாலிசி நிபந்தனை, உங்களிடம் கேட்கும் ஆவணம். நிபந்தனை எண் கொடுத்திருந்தால் பாலிசியை எடுத்து அந்த வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் ஒப்பிட வேண்டும். பாலிசியின் முழு நிபந்தனைகள் கையில் இல்லை, ஒரு பக்க அட்டவணைதான் வங்கி கொடுத்தது என்பவர்கள் நம் பக்கம் அதிகம். அவர்கள் அன்றைக்கே நிறுவனத்திடம் இரண்டைக் கேட்டு எழுத வேண்டும்: முழுப் பாலிசி வாசகம், காப்பீடு கேட்டு நீங்கள் கையெழுத்திட்ட முன்மொழிவுப் படிவத்தின் நகல். இந்த இரண்டாவது தாளை யாரும் கேட்பதே இல்லை. நம் அண்ணாச்சியின் கிளெய்மைக் காப்பாற்றியது அந்தத் தாள்தான்.

காரணம் எதுவும் சொல்லாமல் வெறுமனே எல்லா உரிமைகளையும் காத்துக்கொள்கிறோம் என்று மட்டும் எழுதியிருந்தால்? எந்த நிபந்தனையின் கீழ், எந்தச் செய்தியின் அடிப்படையில் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வந்தால் நல்லது. வராவிட்டால் நீங்கள் கேட்டதற்குச் சான்று இருக்கிறது. கலாடா போன்ற வாதத்தை நாளை வைக்க அது உதவும். ஆனால் அதைக் கேட்கும் சாக்கில், “முகவரியைச் சொல்கிறீர்களா? தாமதத்தைச் சொல்கிறீர்களா?” என்று அவர்கள் நினைக்காததை எல்லாம் நீங்களே பட்டியல் போட்டுக் கொடுக்காதீர்கள். படித்தவர்கள் செய்யும் தவறு இது.

நனைந்த சரக்கு: இரண்டு பக்கமும் இழுக்கும் கயிறு

இந்த இடத்தில்தான் நான் அதிகம் கிளெய்ம்கள் சரிவதைப் பார்த்தேன். நிறுவனம் விசாரணை முடியவில்லை என்கிறது. அப்படியானால் சரக்கு அப்படியே இருக்க வேண்டும். மாநகராட்சி ஆட்களோ நாற்றம் தாங்கவில்லை, இன்றே அள்ளுங்கள் என்கிறார்கள். நனைந்த அரிசி மூன்றாம் நாளே புளித்துப் பூஞ்சை பிடிக்கும். அண்ணாச்சி யார் பேச்சைக் கேட்பது?

இரண்டு பேர் பேச்சையும் கேட்கலாம், வரிசை மட்டும் முக்கியம். அகற்றும் முன் சர்வேயருக்கும் நிறுவனத்துக்கும் மின்னஞ்சல்: “இந்தச் சரக்கு கெட்டுவிட்டது, சுகாதாரக் காரணத்தால் இந்தத் தேதி காலை அகற்ற வேண்டியிருக்கிறது, அதற்குள் வந்து பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள் அல்லது அகற்றச் சம்மதம் தாருங்கள்.” வந்தால் சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்திட்ட பட்டியல். வராவிட்டால் அக்கம்பக்கத்துக் கடைக்காரர் இருவரைச் சாட்சியாக வைத்து எண்ணி, மூட்டைகளின் லேபிள் தெரியும்படி படமெடுத்து, ஒவ்வொரு வகையிலும் ஒரு மூட்டையை மாதிரியாகத் தனியே எடுத்துவைக்க வேண்டும். மாநகராட்சி வண்டி எடுத்துச் சென்றால் அதற்கு ஒரு எழுத்துச் சான்று கேளுங்கள். கோழித்தீவனத்துக்கோ மாட்டுத்தீவனத்துக்கோ விற்றால் எடைச் சீட்டும் ரசீதும் வேண்டும். அந்தத் தொகை கிளெய்மிலிருந்து கழியும். நம் கணக்கில் நனைந்த அரிசியும் பருப்பும் 70,000 ரூபாய்க்குப் போயின.

அரிசியாவது மூட்டையாக நிற்கும். சர்க்கரையும் கருப்பட்டியும் தண்ணீரில் கரைந்தே போய்விடும். கிட்டங்கியில் 80 மூட்டைச் சர்க்கரை இருந்தது என்றால், வெள்ளத்துக்குப் பிறகு அங்கே இருப்பது 80 காலிச் சாக்கு. அந்தச் சாக்குதான் சான்று. அண்ணாச்சியின் ஆட்கள் சர்க்கரைச் சாக்குகளை அடுக்கிக் கட்டி வைத்திருந்தார்கள், எண்ணிக்கை சரியாக வந்தது. கருப்பட்டி விஷயத்தில் அவ்வளவு கவனம் இல்லை. உடன்குடிப் பக்கத்திலிருந்து வாங்கிய கருப்பட்டி 120 ஓலைப்பெட்டி, பெட்டிக்குப் பத்துக் கிலோ, கிலோ 300 ரூபாய் வீதம் 3.60 லட்சம். சேறு அள்ளும்போது பாதி ஓலைப்பெட்டிகளை அதோடு சேர்த்து அள்ளி வீசிவிட்டார்கள். சர்வேயர் வந்தபோது எண்ண முடிந்தது 60 பெட்டி. இந்த அறுபதைப் பின்னால் மறுபடியும் பார்ப்போம்.

காரணம் ஒன்று: கிட்டங்கி பாலிசியில் இல்லை

இதுதான் உயிர்க்காரணம். மற்ற இரண்டும் தொகையைக் குறைக்கலாம், தொல்லை கொடுக்கலாம். இது நின்றுவிட்டால் 13.20 லட்சமும் மொத்தமாகப் போய்விடும்.

இதற்குப் பதில், “எங்களுக்குக் கிட்டங்கி இருப்பது ஊருக்கே தெரியும்” என்பது அல்ல. ஊருக்குத் தெரிந்தது பாலிசியில் ஏறாது. கேள்வி ஒன்றுதான்: காப்பீடு கேட்டபோது கிட்டங்கியைச் சொன்னீர்களா, அதற்கும் சேர்த்துத்தான் பிரீமியம் வாங்கினார்களா? சொல்லியிருந்து அட்டவணையில் விட்டுப்போனால் அது அச்சுப் பிழை, திருத்தக் கோரலாம். சொல்லவே இல்லை என்றால் பிழை உங்களுடையது. உண்மையில் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று முதலில் நீங்களே தெரிந்துகொள்ள வேண்டும்.

அண்ணாச்சி முன்மொழிவுப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கினார். அதில் ‘கடை மற்றும் கிட்டங்கி’ என்று இரண்டு கதவிலக்கமும் இருந்தன. அட்டவணையைத் தட்டச்சு செய்தவர் முதல் இலக்கத்தோடு நிறுத்திவிட்டார். இதற்குத் துணையாக வங்கியின் கடன் அனுமதிக் கடிதம். அதில் அடமானச் சரக்கு இருக்கும் இடமாக இரண்டு முகவரியும் உண்டு. ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழில் கிட்டங்கி கூடுதல் வணிக இடமாகப் பதிவாகியிருந்தது. வெளியூர் மொத்த வியாபாரிகளின் இ-வே பில்களில் சரக்கு இறக்கும் இடமாகக் கைலாசபுரம் முகவரி. வங்கி மேலாளரும், இரண்டு இடத்துச் சரக்குக்கும் சேர்த்தே 40 லட்சத்துக்குப் பாலிசி கேட்டோம் என்று ஒரு கடிதம் கொடுத்தார்.

இதில் எடை வேறுபாடு உண்டு. ஜிஎஸ்டி சான்றிதழும் இ-வே பில்லும் சரக்கு அங்கே இருந்தது என்று காட்டும். காப்பீடு அங்கே இருந்தது என்று காட்டாது. அதைக் காட்டுவது முன்மொழிவுப் படிவமும் வங்கிக் கடிதமும். படிவத்தில் கிட்டங்கி இல்லாதவர்கள் இ-வே பில் கட்டைக் கொண்டுபோய்ப் போட்டு வெல்ல முடியாது. அவர்கள் கடைச் சேதத்தைத் தனியாகப் பிரித்து, அதையாவது விரைவில் முடிக்கக் கேட்பதுதான் நடைமுறை.

காரணம் இரண்டு: தாமதம்

ஐந்தாறு நாள் தாமதம் சோனெல் வழக்கின் மாதக்கணக்கோடு ஒப்பிடத் தக்கதல்ல. ஆனாலும் பதில் எழுதாமல் விடக் கூடாது. நாள்வாரியாக எழுதுங்கள்: 17 இரவு தண்ணீர் நுழைந்தது, 18, 19 மின்சாரமும் தொலைபேசியும் இல்லை, 20 ஷட்டர் திறந்தது, அன்று மாலை ஏஜெண்டுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியது, 23 மின்னஞ்சல். ஏஜெண்டுக்குச் சொன்னது நிறுவனத்துக்குச் சொன்னதாகுமா என்பது வாதத்துக்குரிய விஷயம். ஆனால் மறைக்கும் எண்ணம் இல்லை என்பதற்கு அது நல்ல சான்று. அந்த உரையாடலை அழிக்காமல் நகலெடுத்து வையுங்கள். தாமதத்தால் விசாரணைக்கு எந்தக் கேடும் வரவில்லை, சர்வேயர் பார்த்தபோது சரக்கு இருந்த இடத்திலேயே இருந்தது என்ற வரியைச் சேர்க்க மறக்காதீர்கள். நம் கணக்கில் பாதி ஓலைப்பெட்டிகள் இல்லை என்பதால் அண்ணாச்சி அந்த வரியைக் ‘கருப்பட்டிப் பெட்டிகளில் ஒரு பகுதி நீங்கலாக’ என்று திருத்தி எழுதினார். பொய்யாக ஒரு வரி இருந்தால் உண்மையான ஒன்பது வரியும் அதோடு சாயும்.

காரணம் மூன்று: 31 லட்சமா, 36 லட்சமா

வங்கிக்குக் கொடுக்கும் சரக்கு அறிக்கையைச் சடங்காக நிரப்பும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். வங்கிக்கு ஒரு எண், இன்சூரன்ஸுக்கு ஒரு எண் என்றால் எந்தச் சர்வேயருக்கும் சந்தேகம் வரும், வர வேண்டும்.

நம் அண்ணாச்சிக்கு நேர்மையான விளக்கம் இருந்தது. நவம்பர் 30 இருப்பு 31 லட்சம். பொங்கல் வியாபாரத்துக்காக டிசம்பர் 1 முதல் 16 வரை வாங்கியது 14 லட்சம்; பில் எல்லாம் உண்டு. அதே நாட்களில் விற்பனை 9.90 லட்சம். வாங்கின விலையில் பத்து சதவீதம் வைத்து விற்பவர் என்பதால் விற்ற சரக்கின் அடக்கவிலை 9 லட்சம். 31ஐயும் 14ஐயும் கூட்டி 9ஐக் கழித்தால் 36. இதை ஒரே பக்கத்தில் ஆடிட்டர் கையெழுத்தோடு கொடுத்தார். பத்து சதவீதம் என்பது வாய்ச்சொல் அல்ல என்பதற்கு முந்தைய ஆண்டுக் கணக்கின் லாப விகிதத்தையும் சேர்த்தார்.

சரக்கின் மொத்த மதிப்பு 36 லட்சம், காப்பீடு 40 லட்சம் என்பதால் குறைக்காப்பீடு என்ற பேச்சுக்கும் இடமில்லை. மதிப்பைவிடக் குறைவாகக் காப்பீடு செய்திருந்தால் அந்த விகிதத்தில் கிளெய்ம் குறையும்.

பதில் கடிதம்

தமிழிலும் எழுதலாம், ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க ஆள் இருந்தால் கோப்பு வேகமாக நகரும். நீளம் வேண்டாம். அவர்கள் எண்ணிட்ட வரிசையிலேயே பதில், ஒவ்வொரு பதிலுக்கும் இணைப்பு எண். தொடக்கமும் முடிவும் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

“தங்கள் 08.01.2024 கடிதம் 12.01.2024 அன்று கிடைத்தது. அதில் கூறப்பட்ட காரணங்களை நாங்கள் ஏற்கவில்லை. விசாரணைக்கு ஒத்துழைக்கும் நோக்கில், பாலிசியின் கீழும் சட்டத்தின் கீழும் எங்களுக்குள்ள உரிமைகளுக்குப் பாதகமின்றி, கீழ்க்காணும் விளக்கத்தை அளிக்கிறோம்.

கேட்கப்பட்ட ஆவணங்கள் அனைத்தும் இத்துடன் உள்ளன. வேறு ஆவணம் தேவைப்பட்டால் எது, எந்தக் காரணம் பற்றி என்று குறிப்பிட்டு எழுத வேண்டுகிறோம். சர்ச்சையில்லாத கடைப் பகுதிச் சேதத்துக்கு, இரு தரப்பு உரிமைகளுக்கும் பாதகமின்றி, முன்தொகை வழங்கக் கோருகிறோம். சர்வே அறிக்கையின் நகலையும் அனுப்பக் கோருகிறோம்.”

உரிமையைக் காத்துக்கொள்வது நிறுவனத்துக்கு மட்டும் உரிய சலுகை அல்ல. அந்தச் சொற்றொடரை நீங்களும் எழுதலாம், எழுத வேண்டும். முன்தொகை கேட்டால் எப்போதும் தருவார்கள் என்று சொல்ல மாட்டேன். முகவரி போன்ற உயிர்க்காரணம் கிட்டங்கியை மட்டும் தொடும்போது, கடைப் பகுதியைப் பிரித்துக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் ஒரே நாளில் அனுப்புங்கள். அண்ணாச்சி அனுப்பியது 22 ஜனவரி.

சர்வேயர் நீட்டும் தாள்கள்

நானே அந்த வேலையைச் செய்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்கிறேன். சர்வேயர் தொகையை நிர்ணயித்த பிறகு உங்களிடம் சம்மதக் கடிதம் கேட்பார். அவர் அறிக்கையை முடிக்க அது தேவை. ஆனால் நிறுவனம் பொறுப்பையே ஏற்காத நேரத்தில், தொகையைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்துக் கையெழுத்திட்டால் உங்கள் பக்கம் மட்டும் கதவு மூடுகிறது. அவர்கள் பக்கம் திறந்தே இருக்கிறது. “கிளெய்ம் ஏற்கப்பட்டு இத்தொகை வழங்கப்படுமானால் மட்டுமே இந்தச் சம்மதம்” என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்திடுங்கள். அதை மறுக்கும் சர்வேயரை நான் அதிகம் பார்த்ததில்லை.

வெற்றுத் தாளிலோ, பாதி நிரப்பிய படிவத்திலோ கையெழுத்து வேண்டாம். வாக்குமூலம் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும், ஒத்துழைப்பது பாலிசி நிபந்தனை; ஆனால் நினைவில் இல்லாததை ஊகித்துச் சொல்லாமல், “பில் பார்த்துச் சொல்கிறேன்” என்று சொல்லுங்கள். கொடுத்ததற்கு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். சர்வேயர் அறிக்கையே இறுதி வார்த்தை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009இல் பிரதீப் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவருக்கு எழுத்தில் கொடுப்பதில்தான் பயன்.

எத்தனை நாள் காத்திருப்பது

உரிமைக் காப்புக் கடிதத்துக்குக் காலாவதித் தேதி கிடையாது என்று சில அலுவலகங்கள் நடந்துகொள்ளும். ஆனால் விசாரணைக்குக் கால வரம்பு உண்டு. அந்த வெள்ளத்தின்போது நடைமுறையில் இருந்த 2017 விதிகளில், தகவல் கிடைத்து 72 மணி நேரத்துக்குள் சர்வேயர், சாதாரணமாக 30 நாளில் அறிக்கை, அறிக்கை கிடைத்து 30 நாளில் முடிவு. 2024 ஜூனில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வெளியிட்ட பொதுக் காப்பீட்டு மாஸ்டர் சுற்றறிக்கை இதை இறுக்கிவிட்டது: 24 மணி நேரத்தில் சர்வேயர், 15 நாளில் அறிக்கை, அதன்பின் 7 நாளில் முடிவு. இப்போது கிளெய்ம் செய்பவர்கள் இந்த எண்களைக் குறிப்பிட்டே நினைவூட்டல் எழுதலாம்.

நினைவூட்டலுக்கும் பதில் இல்லை என்றால் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். பீமா பரோசா தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ ஐஆர்டிஏஐயிடம் பதிவு செய்யலாம். நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதம் கழிந்தும் தீர்வு இல்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மன் என்ற குறைதீர் நடுவரிடம் போகலாம். நிராகரிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, முடிவெடுக்கத் தாமதிப்பதே புகாருக்குப் போதுமான காரணம். தனி உரிமையாளர் கடைகளும் குறுந்தொழில்களும் அங்கே போகலாம். 50 லட்சம் ரூபாய் வரை. அதே விஷயம் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ இருந்தால் அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால் எந்தக் கதவு என்று முன்பே தீர்மானியுங்கள்.

நுகர்வோர் ஆணையம் திருநெல்வேலியிலேயே இருக்கிறது. வியாபாரிக்கு அங்கே இடமில்லை என்று சிலர் சொல்வார்கள். கடைக்காக எடுத்த இன்சூரன்ஸ் பாலிசிக்கும் நுகர்வோர் என்ற தகுதி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023இல் ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. இரண்டு ஆண்டுக் கெடு. விசாரணை நடக்கிறது, பேச்சு நடக்கிறது என்று அந்த இரண்டு ஆண்டையும் தின்றுவிட்டு வந்தவர்கள் உண்டு.

அண்ணாச்சிக்கு என்ன கிடைத்தது

பிப்ரவரியில் சர்வே அறிக்கை போனது. முகவரியில் முன்மொழிவுப் படிவம் பேசியது, கிட்டங்கியை ஏற்றுக்கொண்டார்கள். தாமதத்தை அதற்குப் பின் யாரும் எழுப்பவில்லை. சரக்குக் கணக்கு 36 லட்சம் என்பதும் நின்றது. கடைக்குக் கேட்டது 5.20 லட்சம், கணக்கிட்டது 4.60, மேல் தட்டில் நனையாமல் இருந்த சரக்கைக் கழித்திருந்தார்கள், நியாயம்தான். கிட்டங்கியில் கருப்பட்டி நீங்கலான 9.60 லட்சமும் ஏற்கப்பட்டது. கருப்பட்டிக்குப் பில் இல்லை, பனையேறிகளின் வீடுகளிலிருந்து ரொக்கத்துக்கு வாங்கியது. எண்ணிய 60 பெட்டிக்கு 1.80 லட்சம் மட்டும். தீவனத்துக்கு விற்ற 70,000ஐக் கழித்தால் கிட்டங்கிக்கு 10.70 லட்சம். ஆக மொத்தம் 15.30 லட்சம், அதிலிருந்து பாலிசியில் பாலிசிதாரரே தாங்க வேண்டிய பங்கு கழியும்.

பணம் பெறக் கையெழுத்திடும் டிஸ்சார்ஜ் வவுச்சரில் முழுமையாகப் பெற்றுக்கொண்டேன் என்று இருந்தது. அந்தக் கையெழுத்தைக் காட்டி மேல்முறையீட்டு வழியை அடைக்கக் கூடாது என்று 2015 செப்டம்பரில் வந்த ஐஆர்டிஏஐ சுற்றறிக்கை இருக்கிறது. அதை எண்ணி, விடுபட்ட 60 பெட்டிக் கருப்பட்டி பற்றிய ஆட்சேபத்தைத் தனி மின்னஞ்சலாக அனுப்பிவிட்டுத்தான் அண்ணாச்சி கையெழுத்திட்டார். 1.80 லட்சத்துக்காக வழக்குக்குப் போகவில்லை. இப்போது கிட்டங்கியில் கருப்பட்டி ஓலைப்பெட்டிகள் ஆள் உயரத்துக்கு மேலே அடித்த பரண் மேல் இருக்கின்றன. பனையேறிகளிடம் வாங்கும்போது பெயர், பெட்டி, எடை, தொகை எழுதிக் கைநாட்டு வாங்க ஒரு நோட்டும் போட்டிருக்கிறார்.